நடு ஜோடியில் தொடங்குங்கள்

சிறிய சோலார் கிட் வாங்கினால் பேனலோடும் பேட்டரியோடும் ஒரு குட்டிப் பெட்டியும் வரும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர். அதன் அடியில் ஆறு துளைகள், ஆறு ஸ்க்ரூக்கள், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பெரும்பாலான பெட்டிகளில் இடது ஜோடிக்கு மேலே பேனல் படமும், நடு ஜோடிக்கு மேலே பேட்டரி படமும், வலது ஓரத்தில் பல்பு படமும் அச்சிட்டிருக்கும்.

படிக்கத் தெரிந்தவர் கை இடமிருந்து வலமாகத்தான் போகும். காரியம் நடக்கிற வரிசையும் அதுதானே: வெயில் பேனலில் விழுகிறது, கரண்ட் பேட்டரிக்குப் போகிறது, ராத்திரி அங்கிருந்து பல்புக்கு வருகிறது. அதனால் முதலில் பேனல் வயரைச் செருகி ஸ்க்ரூவை முறுக்குகிறார்கள். பெட்டியில் விளக்கு எரிகிறது. ‘வேலை செய்யுதுங்க’ என்று மகிழ்ச்சியும் வருகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. மாட்ட வேண்டியது நடுவிலிருந்து: முதலில் பேட்டரி, அடுத்து பல்பு, கடைசியில் பேனல். கழற்றும்போது இதற்கு நேர் தலைகீழ்.

வீட்டு வயரிங்கில் பழகிய எலக்ட்ரீஷியனுக்கும் இது சட்டென்று பிடிபடாது. அவர் கற்ற பாடம், எல்லா வேலையையும் முடித்துவிட்டு மெயினைக் கடைசியில் போடு என்பது. இங்கே பாதிக்குத்தான் அது பொருந்தும். இந்த கிட்டில் மெயின் ஒன்றல்ல, இரண்டு. பேனல் ஒன்று, பேட்டரி ஒன்று. இரண்டில் எதை முதலில் போடுவது என்பதற்கு வீட்டு வயரிங் பதில் சொல்வதில்லை.

பதில் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. கடைக்காரர் ‘12 வோல்ட் பேனல்’ என்று சொல்லிக் கொடுத்த 100 வாட் பேனலைத் திருப்பிப் பார்த்தால், அதில் 12 என்ற எண் வேலைக்கு உதவுகிற எந்த இடத்திலும் இருக்காது. வேலை செய்யும்போது ஏறக்குறைய 18 வோல்ட் என்றும், வயர் எதிலும் மாட்டாமல் சும்மா இருக்கும்போது 21 அல்லது 22 வோல்ட் என்றும் இருக்கும். கணக்கு எளிது. அந்தப் பேனலில் 36 செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சிலிக்கான் செல்லும் வெயிலில் சுமார் 0.6 வோல்ட் தரும். 36ஐ அதனால் பெருக்கினால் 21.6. 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப ஏற்றது என்பதால்தான் அதற்கு 12 வோல்ட் பேனல் என்ற பெயர். அது 12 வோல்ட் தருவதாக யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் 21 வோல்ட் தரும் பேனலை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் என்ன ஆகிறது? பேட்டரி அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விலை குறைந்த கிட்டுகளில் வருவது பெரும்பாலும் பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். அதன் உள்ளே நடப்பதைப் பிரித்துப் பார்த்தால், ஒரு வேகமான சுவிட்ச்தான். பேட்டரி நிறையும்வரை சுவிட்ச் மூடியே இருக்கும். அப்போது பேனலும் பேட்டரியும் நேராகச் சேர்த்துக் கட்டிய மாதிரிதான். பேட்டரி 12.8 வோல்டில் இருந்தால் பேனலும் ஏறக்குறைய அந்த வோல்டேஜுக்கே இறங்கி வந்து நிற்கும். பேட்டரி நிறைய நிறைய, சுவிட்ச் திறந்து மூடித் திறந்து மூடி வரத்தைக் குறைக்கும். குளமும் மதகும் மாதிரி. மதகு தண்ணீரை அளந்து விடும், ஆனால் தண்ணீரைத் தாங்குவது குளம். பேனலின் வோல்டேஜை அடக்கி வைத்திருப்பது கன்ட்ரோலர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதை அடக்குவது பேட்டரி. பேட்டரி இல்லாத நேரத்தில் பேனலை மாட்டினால், குளத்தை வெட்டுவதற்கு முன்பே மடையைத் திறந்தது போல.

இன்னொரு காரணமும் உண்டு. கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அது விழித்ததும் செய்கிற முதல் வேலை, பேட்டரி ஸ்க்ரூக்களில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளப்பது. கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை 12 வோல்டுக்கும் 24 வோல்டுக்கும் பொதுவானவை. இது எந்த வீடு என்று அந்தப் பெட்டியே கண்டுபிடித்தாக வேண்டும். 12, 13 என்று கண்டால் 12 வோல்ட் கிட். சுமார் 18 வோல்டைத் தாண்டினால் 24 வோல்ட் கிட். இந்த ஒரு முடிவின் மேல்தான் மற்ற எல்லா எண்களும் நிற்கின்றன. 12 வோல்ட் என்று முடிவு செய்த பெட்டி லெட் ஆசிட் பேட்டரியை 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.7 அருகே தாங்கிப் பிடிக்கும், 11.1க்கு இறங்கினால் பல்பை அணைத்துவிடும். 24 என்று முடிவு செய்தால் இந்த எண்கள் எல்லாம் இரட்டிப்பாகும்: 28.8, 27.4, 22.2.

நெதர்லாந்தின் விக்ட்ரான் போன்ற பெரிய தயாரிப்பாளர்களின் கையேடும் பேட்டரியை முதலில் மாட்டச் சொல்வது இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான். பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவே பல்பை எங்கே வைப்பது என்பதில் வேண்டுமானால் கையேட்டுக்குக் கையேடு வித்தியாசம் இருக்கலாம். பேனலுக்கு முன்னால் பேட்டரி என்பதில் சமரசம் கிடையாது.

இனி ஒரு தோப்புக்குப் போகலாம். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ரூமுக்கு ஈ.பி. கரண்ட் இருக்கிறது. தோப்பின் கடைக்கோடியில் இருக்கும் சாளைக்கு இல்லை. ராத்திரி பன்றிக்குக் காவல் படுப்பவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று தோட்டக்காரர் ஒரு 100 வாட் பேனல், 10 ஆம்பியர் கன்ட்ரோலர், 100 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, 12 வோல்டில் எரியும் நாலு எல்.இ.டி. பல்பு என்று வாங்கி வந்துவிட்டார். காலை பதினொரு மணி, நல்ல வெயில். பேனலை ஓட்டின் மேல் ஏற்றியாயிற்று. வயர் தொங்குகிறது. கையில் ஸ்க்ரூ டிரைவர்.

பேனலை முதலில் மாட்டுகிறார். பெட்டியின் திரை ஒளிர்ந்து 20.9 என்று காட்டுகிறது. சிப் விழித்துவிட்டது, அது கண்ட முதல் வோல்டேஜ் 20.9. 24 வோல்ட் வீடு என்று முடிவு கட்டிவிட்டது. இப்போது பேட்டரி வயரைக் கொண்டுபோய் வைக்கிறார். படீரென்று ஒரு பொறி. பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 21 வோல்டில் நிற்க, பேட்டரி 12.6இல் இருக்க, இரண்டும் சட்டென்று சமமாகிற சத்தம் அது. பல்பு சுவிட்சைப் போடுகிறார். எரியவில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

“ஏனுங்ணா, பேட்டரி புதுசுதானுங்களே, பல்பு ஏன் எரிய மாட்டேங்குது?” என்று கடைக்குப் போன் போகும். “பேட்டரில சார்ஜ் இருக்காதுங்க, ரெண்டு நாள் வெயில்ல விட்டுப் பாருங்க” என்று பதில் வரும். நியாயமான பதில் மாதிரிதான் தெரியும். சிவப்பு விளக்குக்குப் பொருளும் பேட்டரி இறங்கிவிட்டது என்பதே. ஆனால் இங்கே நடந்தது வேறு. 24 வோல்ட் வீடு என்று நம்புகிற பெட்டிக்கு 22.2க்குக் கீழே எல்லாமே காலி பேட்டரி. 12.6 வோல்டில் முழுசாக நிறைந்து நிற்கிற பேட்டரி அதன் கண்ணுக்கு ஒன்றுமில்லாமல் போன பேட்டரி. ஆகவே பல்பை அணைத்து வைத்துவிட்டது. புது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கேட்டு, கடைக்காரர் டெஸ்டரை வைத்துப் பார்த்து ‘பேட்டரி நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பி அனுப்புகிற கதை இப்படித்தான் உருவாகிறது.

‘ரெண்டு நாள் வெயிலில் விடு’ என்ற யோசனையால் விஷயம் இன்னும் கெடும். 28.8 வோல்ட் வரும்வரை சுவிட்சை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று பெட்டி காத்திருக்கிறது. பேனலால் 21க்கு மேல் போக முடியாது. அப்படியானால் 28.8 வரப்போவதே இல்லை, சுவிட்சும் திறக்கப்போவதில்லை. மதகு திறந்தபடியே கிடக்கிறது. பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் போகிற கரண்டுக்கு வேறு வேலை இல்லாததால் அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும்.

எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஆம்பியர்-மணி நேரம் மிகையாகப் போனால் ஒரு செல்லில் ஏறத்தாழ 0.34 கிராம் தண்ணீர் பிரியும். 5 ஆம்பியர் தினம் 4 மணி நேரம் மிகையாக ஓடினால் 20 ஆம்பியர்-மணி. பேட்டரியில் செல்கள் ஆறு. மூன்றையும் பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 40 மில்லி. ஒரே மாதத்தில் ஒரு லிட்டருக்கு மேல். வழக்கமாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்கிற பேட்டரி, மாதம் ஒரு பாட்டிலைக் குடித்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். தகடுகளின் மேல்பாகம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்தப் பாகம் காய்ந்து வீணாகும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழைய திறன் திரும்பாது. மூடிவைத்த வகை பேட்டரி என்றால் ஊற்றவும் வழியில்லை. உப்பிக்கொண்டு செத்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நல்ல வெயில் நாளில், பிற்பகல் இரண்டு மணிவாக்கில் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 14.4ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நின்றால் கன்ட்ரோலர் அடக்குகிறது. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அடக்கவில்லை. பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரியும், மூடிக்குப் பக்கத்தில் காதை வைக்காமலே கொதிக்கிற சத்தம் கேட்கும், அழுகின முட்டை நாற்றமும் வரலாம். திரையில் 24 என்று காட்டுகிற பெட்டியானால் இத்தனையும் வேண்டாம், ஒரு பார்வை போதும்.

சரிசெய்வதும் சுலபம்தான். பேனலைக் கழற்றி, பேட்டரி ஃபியூஸையும் எடுத்து, பெட்டியின் விளக்குகள் அடியோடு அணைந்து ஒரு நிமிஷம் ஆன பிறகு பேட்டரியிலிருந்து மறுபடி மாட்டினால், பல பெட்டிகள் புதிதாக அளந்து திருந்திக்கொள்ளும். எல்லாப் பெட்டியும் அல்ல. விக்ட்ரான் வகைக் கன்ட்ரோலர்கள் முதன்முறை கண்ட வோல்டேஜை நினைவில் எழுதிக்கொள்பவை. அதை மாற்ற செட்டிங்கிற்குள் போய்க் கையால்தான் மாற்ற வேண்டும்.

‘நான் எத்தனையோ தடவை பேனலை முதலில் மாட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சில பெட்டிகள் பேட்டரி வரும்வரை விழிக்கவே விழிக்காது. பேனலை மாட்டினாலும் கல் மாதிரி கிடக்கும். சில பெட்டிகள் பேட்டரி வந்ததும் மறுபடி அளந்துகொள்ளும். ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேலே ஒட்டிய பெயர் வேறுவேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒன்றாக இருக்கலாம்; ஒரே பெயரில் வந்த இரண்டு பெட்டிகளுக்குள் வேறுவேறு சர்க்யூட்டும் இருக்கலாம்.

தோப்புக்காரருக்கு வேறு ஒரு விபத்தும் நேர்ந்திருக்கலாம். பேனலை மாட்டியதும் பல்பு வயரையும் மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறார். பேட்டரி இன்னும் தரையில்தான் இருக்கிறது. சில மலிவுப் பெட்டிகள் விழித்தவுடனே பல்பு ஸ்க்ரூக்களுக்கு வழியைத் திறந்துவிடும். அப்போது 12 வோல்ட் பல்புக்குப் பேனலின் வோல்டேஜ் அப்படியே போகும். பல்புக்குள் பார்த்தால் எளிய வகைகளில் மூன்று எல்.இ.டி.களை வரிசையாகக் கோத்து, மிச்ச வோல்டேஜைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். மூன்று எல்.இ.டி.யும் சேர்ந்து ஒன்பதரை வோல்ட் போல எடுத்துக்கொள்ளும். 12 வோல்டில் ரெசிஸ்டரின் பங்கு இரண்டரைதான். 21 வோல்ட் வந்தால் எல்.இ.டி.யின் பங்கு அதிகம் மாறாது. மிச்சம் பதினொன்றரையும் ரெசிஸ்டரின் தலையில் விழும். கரண்ட் நாலு மடங்குக்கு மேல் போகும். பல்பு கண்ணைக் கூசும்படி ஒரு தரம் எரியும். அதுதான் அதன் கடைசி வெளிச்சமாகவும் இருக்கலாம். நாலு பல்பையும் சேர்த்து மாட்டியிருந்தால் பேனலின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கித் தப்பிக்கலாம். ஒற்றை பல்பை மட்டும் மாட்டிச் சோதித்துப் பார்க்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். இது சோதித்துப் பார்க்கிற நல்ல வழக்கத்துக்குக் கிடைக்கிற தண்டனை என்பதுதான் கொடுமை.

மாட்டுகிற நாளில் எல்லோரும் ஓரளவு கவனமாகத்தான் இருக்கிறார்கள். கவனம் தவறுவது எட்டு மாதம் கழித்து. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வேஸலின் தடவ வேண்டும். இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று நட்ட நடு மதியத்தில் உட்கார்ந்து முதல் காரியமாக பேட்டரி லக்கைக் கழற்றுவார்கள். பேனல் மேலே முழு வெயிலில் இருக்கிறது, பெட்டி 5 ஆம்பியரைப் பேட்டரிக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் பேட்டரி காணாமல் போகிறது. பி.டபிள்யூ.எம். பெட்டியில் பேட்டரி ஸ்க்ரூவின் வோல்டேஜ் 13இலிருந்து 21க்குத் துள்ளும். எரிந்துகொண்டிருக்கும் பல்பும் அதை வாங்கிக்கொள்ளும்.

விலை கூடிய எம்.பி.பி.டி. வகையில் உள்ளே ஒரு காயில் இருக்கிறது. காயிலில் ஓடுகிற கரண்ட் சட்டென்று நிற்காது. போக இடமில்லாமல் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரில் ஏறி, வோல்டேஜை ஒரு கணம் எகிற வைக்கும். நல்ல பெட்டிகள் இதைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும். மற்றவற்றில் பழுது உள்ளே நடந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஓடுகிற காரில் பேட்டரியைக் கழற்றாதே என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே பேனலின் இடத்தில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது.

சரி, அந்தச் சாளையில் முறையாக மாட்டினால் எப்படி இருக்கும்?

முதலில் பேனலின் மேல் ஒரு தடித்த கம்பளியையோ தார்ப்பாயையோ போட்டு மூடிவிட வேண்டும். மேகமூட்டம் இருக்கிறதே, போதாதா என்றால் போதாது. மேகம் பேனலின் கரண்டைத்தான் பெரிதாகக் குறைக்கும். வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கன்ட்ரோலரை ஏமாற்ற வோல்டேஜ் போதும். வேலையை அந்தி சாய்ந்த பிறகு டார்ச் வைத்துக்கொண்டு செய்வது இன்னும் நிம்மதி. மூடினாலும் மூடாவிட்டாலும், பேனல் வயரின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி வயர். இங்கே ஃபியூஸுக்குப் பெரிய வேலை இருக்கிறது. பேனலின் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் 6 ஆம்பியர்தான் ஓடும், ஒன்றும் ஆகாது. பேட்டரியின் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். வயர் பழுத்து உருகும், ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஸ்பேனரும் சிவக்கும். ஆகவே சிவப்பு வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். நம் கிட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். வயர் 4 சதுர மில்லிமீட்டர். ஃபியூஸைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, வெறும் ஹோல்டரோடு வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

வயரை முதலில் கன்ட்ரோலரின் நடு ஜோடியில் முறுக்கிவிட்டு, அதன் பிறகே மறுமுனையைப் பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். தலைகீழாகச் செய்தால் உயிருள்ள இரண்டு வயர் முனைகளைக் கையில் வைத்துக்கொண்டு சின்னத் துளையைத் தேடுகிற நிலை வரும். பேட்டரியில் இரண்டு லக்கும் இறுகிய பிறகு, மீட்டரின் சிவப்பு முனையை ஃபியூஸ் ஹோல்டரின் பேட்டரிப் பக்கமும் கறுப்பு முனையைக் கன்ட்ரோலரின் நடு மைனஸ் ஸ்க்ரூவிலும் வைத்துப் பாருங்கள். 12.6 என்று வந்தால் சரி. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் எங்கோ வயர் மாறியிருக்கிறது. ஃபியூஸ் போடாததால் இன்னும் எதுவும் கெடவில்லை.

இப்போது ஃபியூஸ். போடும்போது ஒரு மெல்லிய பொறி வரும். பெட்டியின் கெப்பாசிட்டர் நிறைகிற பொறி அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எங்கே வருகிறது என்பது முக்கியம். சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரியின் மூடிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கக்கூடும்; காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். லக்கை வைத்து இணைப்பை முடித்தால் பொறி பேட்டரியின் தலையிலேயே விழும். ஃபியூஸில் முடித்தால் கொஞ்சம் தள்ளி விழும். ஹோல்டரைப் பேட்டரி மூடிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் சுவரில் பொருத்தச் சொல்வது இதற்காகத்தான்.

திரை ஒளிர்ந்து 12.6 காட்டும். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கிற பட்டன் இருந்தால் இந்த நேரத்தில் அமைத்துவிட வேண்டும். அப்புறம் வலது ஜோடியில் பல்பு வயர், சுவிட்ச் அணைந்த நிலையில். பிறகு போட்டுப் பாருங்கள், எரியும். சிலர் கிட்டோடு சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி அதையும் இந்த ஜோடியிலேயே மாட்டிவிடுவார்கள். 300 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்டில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்தப் பெட்டி தாங்குவது பத்து. இன்வெர்ட்டருக்குத் தனி ஃபியூஸ் போட்டு நேராகப் பேட்டரியில் மாட்ட வேண்டும்.

கடைசியாகப் பேனல். மூடியிருக்கும் கம்பளியின் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, வயர் முனைகளில் மீட்டரை வையுங்கள். மீட்டர் 20 வோல்ட் அளவில் இருந்தால் திரையின் ஓரத்தில் வெறும் 1 என்று நிற்கும்; பேனல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், 200க்குத் திருப்புங்கள். பிளஸ் எது மைனஸ் எது என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி மூடிவிட்டு, இடது ஜோடியில் மாட்டி இறுக்குங்கள். கம்பளியை இழுத்து எடுத்ததும் பெட்டியில் சார்ஜ் அம்பு ஓடத் தொடங்கும், 12.6 மெதுவாக 12.9, 13.1 என்று ஏறும். ஏறுகிற வேகம் மெதுவாக இருப்பதே நல்ல அடையாளம். சட்டென்று 18, 20 என்று தாவினால் பேட்டரி இணைப்பில் எங்கோ ஸ்க்ரூ இறுகவில்லை, அல்லது ஃபியூஸ் உட்காரவில்லை.

இப்போது பல கிட்டுகளில் லித்தியம் பேட்டரி வருகிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குள் பி.எம்.எஸ். என்ற காவல்காரப் பலகை உண்டு. பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால் அது வெளிவழியை மூடிவிடும். மீட்டர் வைத்தால் 0 காட்டும். பேட்டரி மாட்டியும் கன்ட்ரோலர் விழிக்காது. அப்போது பேனலை மாட்டி எழுப்பலாமே என்று கை துறுதுறுக்கும். லித்தியத்தை எழுப்பும் வசதி இருப்பதாகக் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் அப்படிச் செய்யலாம். இல்லையென்றால் லித்தியத்துக்கான சார்ஜரை வைத்துப் பேட்டரியைத் தனியாக எழுப்பிவிட்டு வருவதே சரி. அதே காவல்காரர், பேட்டரி அளவுக்கு மீறி ஏறினால் நட்ட நடு வெயிலிலும் வழியை மூடுவார். கன்ட்ரோலரைப் பொறுத்தவரை மதியத்தில் யாரோ லக்கைக் கழற்றியதும் இதுவும் ஒன்றுதான். அதனால் லித்தியம் வாங்குகிறவர்கள், லித்தியத்துக்கென்று அமைக்கக்கூடிய கன்ட்ரோலரைத்தான் வாங்க வேண்டும். லெட் ஆசிட் அமைப்பிலேயே விட்டுவிட்டால் காவல்காரருக்கு அடிக்கடி வேலை வந்துகொண்டிருக்கும்.

கிட்டோடு வரும் கையேடு பெரும்பாலும் நாலாக மடித்த ஒரு தாள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், தமிழில் இருக்காது, ஆறு மாதத்தில் காணாமலும் போய்விடும். எட்டு மாதம் கழித்துப் பேட்டரியைத் துடைக்க வருபவர் நீங்களாகவும் இருக்க மாட்டீர்கள்; மகனோ, தோப்பில் வேலை பார்ப்பவரோ, பக்கத்துத் தோட்டத்து எலக்ட்ரீஷியனோ வருவார். கன்ட்ரோலர் மாட்டிய சுவரிலேயே மார்க்கர் பேனாவால் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: மாட்டும்போது பேட்டரி, பல்பு, பேனல், கழற்றும்போது பேனல், பல்பு, பேட்டரி. அதற்குக் கீழே, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற எந்த வயரையும் கழற்ற வேண்டாம் என்றும்.